நாற்பது கோடி கடன், மூன்றேகால் கோடி மிச்சம்

கோவை, திண்டுக்கல், ராஜபாளையம் வட்டாரத்து நூற்பாலைகளில் விரிவாக்கப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு யோசனையும் வரும். “சொந்தப் பணத்தை ஏன் போட வேண்டும்? வங்கியில் வாங்குங்கள். வட்டியைச் செலவில் காட்டலாம், வரி குறையும்.” சொல்பவர் ஆடிட்டராகவோ, வங்கி அதிகாரியாகவோ, பக்கத்து மில் பங்குதாரராகவோ இருப்பார். சொல்வது பொய்யும் அல்ல. கம்பெனி கட்டும் வட்டி வருமானத்திலிருந்து கழிக்கப்பட்டு, மிஞ்சியதற்குத்தான் வரி. பங்குதாரருக்குத் தரும் டிவிடெண்டோ வரி கட்டிய பிறகு எடுத்துத் தருவது. ஒரே இயந்திரத்தைக் கடனில் வாங்கினால் அரசு கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது, சொந்த முதலில் வாங்கினால் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு, அதற்காக மில் எதைப் பணயம் வைக்கிறது என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே நிதிப் பிரிவு இருக்கிறது. சிறு தொழிலுக்குக் கடனே சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு இருநூறு கோடி விற்பனை செய்யும் நடுத்தர நிறுவனம்தான் இடையில் நிற்கிறது. வங்கி அதற்குக் கடன் தரத் தயாராக இருக்கிறது, ஆனால் ஒரு மோசமான ஆண்டைத் தாங்கும் அளவுக்கு அதன் கையிருப்பு பெரிதல்ல.

பொருளியலில் இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல். பிராங்கோ மோடிலியானியும் மெர்ட்டன் மில்லரும் 1958இல் எழுதிய கட்டுரை, வரியும் திவாலும் இல்லாத உலகில் ஒரு நிறுவனம் கடனில் நடந்தாலும் சொந்த முதலில் நடந்தாலும் அதன் மதிப்பு ஒன்றுதான் என்று காட்டியது. 1963இல் அவர்களே வரியைக் கணக்கில் சேர்த்துத் திருத்தினார்கள். திருத்திய கணக்கின்படி, கடன் கூடக் கூட நிறுவனத்தின் மதிப்பும் கூடும். அப்படியானால் எல்லா நிறுவனங்களும் தலைவரை கடன் வாங்கியிருக்க வேண்டுமே, ஏன் வாங்கவில்லை? கடன் மிகுந்தால் நெருக்கடி வரும், நெருக்கடிக்கென்று தனிச் செலவு உண்டு என்பது பதில். கிராஸ், லிட்சன்பெர்கர் இருவரும் 1973இல் அதைக் கணித வடிவில் நிறுத்தினார்கள். இன்னொரு ரூபாய் கடனால் மிச்சமாகும் வரியும், அந்த ஒரு ரூபாயால் கூடும் நெருக்கடிச் செலவும் சமமாகும் இடம்வரை கடன் வாங்கலாம் என்பதே அதன் சாரம்.

அந்த இடத்தை நம் ஊர் மில் ஒன்றில் தேடிப் பார்க்கலாம். மில் கற்பனைதான். எண்கள் மட்டும் தொழிலில் நடமாடும் அளவை ஒட்டியவை.

மில்லின் பெயரில் ஏற்கெனவே 40 கோடி டர்ம் லோன் இருக்கிறது. வட்டி 10 சதவீதம், எட்டு ஆண்டில் ஆண்டுக்கு 5 கோடி அசல் அடைக்க வேண்டும். இப்போது புதிய ரிங் பிரேம், ஆட்டோ கோனர் போட இன்னொரு 40 கோடி தேவை. விரிவாக்கம் முடிந்து சாதாரண ஆண்டு ஒன்றில், பருத்தி வாங்கும் கேஷ் கிரெடிட் வட்டி உட்பட எல்லா நடப்புச் செலவும் போக, 28 கோடி கையில் நிற்கும். தேய்மானம் 10 கோடி என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். இயந்திரங்கள் வரப்போவது உறுதி. புதிய 40 கோடி வங்கியிலிருந்து வருமா, உரிமையாளர் குடும்பத்திடமிருந்தும் புதிய பங்குதாரர்களிடமிருந்தும் வருமா என்பது மட்டுமே கேள்வி.

முதலில் மிச்சத்தைப் பார்ப்போம். 2019இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, மற்ற சலுகைகளை விட்டுக்கொடுக்கும் இந்தியக் கம்பெனிக்கு வரி 22 சதவீதம். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. புதிய கடனுக்கு முதல் ஆண்டு வட்டி 4 கோடி. ஆகவே அந்த ஆண்டு வரியில் சுமார் ஒரு கோடி குறையும்.

பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே ஒரு தாவு தாவுகிறது. கடன் தொகையை வரி வீதத்தால் பெருக்கு என்கிறது. 40 கோடியை 25.17 சதவீதத்தால் பெருக்கினால் பத்து கோடி. பத்து கோடி மிச்சம் என்று கேட்டால் எந்த உரிமையாளருக்கும் மனம் இளகும். ஆனால் அந்தச் சூத்திரம் கடன் என்றைக்கும் அடைபடாமல் அப்படியே நிற்கும் என்று எடுத்துக்கொள்கிறது. பங்குச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிட்டு, முதிர்ந்ததும் புதிய பத்திரத்தால் மாற்றிக்கொண்டே போகும் பெரு நிறுவனத்துக்கு அது ஓரளவு பொருந்தும். நடுத்தர மில்லுக்கு வங்கி தருவது தவணைக் கடன். ஆண்டுக்கு 5 கோடி அசல் குறையும்போது வட்டியும் 4, 3.5, 3 என்று இறங்கி எட்டாம் ஆண்டில் அரை கோடியாகிவிடும். எட்டு ஆண்டுக்கும் மொத்த வட்டி 18 கோடி, அதில் வரி மிச்சம் நாலரைக் கோடி. பின்னால் வரும் மிச்சத்தை 10 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 3.35 கோடி. சூத்திரம் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆடிட்டரின் அறிக்கையில் பத்து கோடி என்ற எண் தென்பட்டால், கடன் எத்தனை ஆண்டில் அடைபடும் என்பதை அவர் பார்த்தாரா என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்த 3.35 கோடியும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கழிப்பதற்கு லாபம் இருக்க வேண்டும்.

நூற்பாலையில் லாபம் என்பது நூல் விலைக்கும் பருத்தி விலைக்கும் இடையே உள்ள இடைவெளி. அந்த இடைவெளி எப்படிச் சுருங்கும் என்பதைத் தமிழ்நாட்டு மில்கள் இரண்டு முறை நன்றாகப் பார்த்துவிட்டன. 2011 மார்ச்சில் நியூயார்க் சந்தையில் பருத்தி பவுண்டுக்கு இரண்டு டாலரைத் தாண்டியது. இந்தியாவில் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, அறுபதாயிரம் ரூபாயைக் கடந்தது. சில மாதங்களில் விலை குப்புற விழுந்தது. உச்ச விலையில் பருத்தியை அடுக்கி வைத்திருந்த மில்கள், விழுந்த விலைக்கு நூலை விற்க வேண்டியதாயிற்று. 2022இலும் அதே கதை நடந்தது. மே மாதம் கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டி, ஆண்டு முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இறங்கியது. அந்த முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மிதக்கும் வட்டிக் கடன்கள் பெரும்பாலும் இந்த விகிதத்தோடு பிணைக்கப்பட்டவை. நூலில் வரவு குறைந்த அதே மாதங்களில் வட்டி ஏறிக்கொண்டே போனது.

அப்படி ஓர் ஆண்டு நம் மில்லுக்கு விரிவாக்கம் முடிந்த உடனே வருவதாக வைப்போம். 28 கோடி வர வேண்டிய இடத்தில் பாதி, 14 கோடிதான் வருகிறது.

முழுவதையும் கடனில் செய்திருந்தால் அந்த ஆண்டு கட்ட வேண்டியது 18 கோடி. பழைய கடனுக்கு 9, புதியதற்கு 9. கையில் 14. நாலு கோடி துண்டு விழுகிறது. வரி மிச்சம் என்ன ஆயிற்று? 14 கோடியில் தேய்மானம் 10 போனால் மீதி 4. பழைய கடனின் 4 கோடி வட்டியே அதைத் தின்றுவிடுகிறது. புதிய கடனுக்குக் கட்டும் 4 கோடி வட்டிக்கு எதிரே கழிக்க லாபமே இல்லை. அதைப் பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இந்த ஆண்டுத் தவணைக்கு அதனால் ஒரு பைசா உதவி இல்லை. எந்த ஆண்டில் ஒரு கோடி மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த ஆண்டில்தான் வரிச் சலுகை காணாமல் போகிறது. வட்டியும் இரண்டரைச் சதவீதம் ஏறியிருந்தால் 80 கோடிக்கு இன்னொரு 2 கோடி கூடி, துண்டு 6 கோடி ஆகும்.

சொந்த முதலில் செய்திருந்தால் அதே மோசமான ஆண்டில் கட்ட வேண்டியது 9 கோடி மட்டுமே. 14இல் அது போக 5 கோடி மிஞ்சும். லாபம் பூஜ்யம், ஆனால் மில் ஓடும்.

நாலு கோடி துண்டு விழுந்தால் என்ன, நகையை வைத்தோ மைத்துனரிடம் கேட்டோ சமாளிக்கலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நெருக்கடிச் செலவு என்பதை வக்கீல் கட்டணம், நீதிமன்றச் செலவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும் பங்கு அதற்கு முன்பே, மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விடுகிறது.

தவணை தவறிய நாளிலிருந்து வங்கியின் கணினி எண்ணத் தொடங்குகிறது. முப்பது நாள் வரை கவனிக்க வேண்டிய கணக்கின் முதல் படி, அறுபது வரை இரண்டாம் படி, தொண்ணூறு வரை மூன்றாம் படி. தொண்ணூறைத் தாண்டினால் வாராக் கடன். முதல் படியிலேயே மற்ற வங்கிகளுக்கும் தகவல் போய்விடுகிறது. ரேட்டிங் நிறுவனம் தரத்தைக் குறைக்கிறது, வட்டி ஏறுகிறது. அதைவிட வலிப்பது கேஷ் கிரெடிட். பருத்தி விலை விழுந்ததால் கிடங்கில் உள்ள சரக்கின் மதிப்பு குறைந்திருக்கிறது, அதனால் எடுக்கக்கூடிய தொகையும் தானாகவே சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் வங்கி இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

பருத்தி வரத்து நவம்பரிலிருந்து மார்ச் வரை உச்சத்தில் இருக்கும். வசதியுள்ள மில் தரமான பஞ்சைத் தேர்ந்தெடுத்து அப்போதே வாங்கி வைக்கும். கையில் பணமில்லாத மில் வாராவாரம் தேவைக்கு மட்டும் வாங்கும், கிடைத்த தரத்தில், கேட்ட விலையில். ஜின்னிங் பேக்டரிக்காரர் முன்பு முப்பது நாள் பொறுத்தவர், சேதி காதில் விழுந்ததும் பணம் வந்த பிறகே லாரியை அனுப்புவார். பஞ்சின் தரம் மாறினால் நூலின் தரம் மாறும். திருப்பூர் வாங்குநர் இரண்டு முறை புகார் சொல்வார், மூன்றாம் முறை வேறு மில்லுக்குப் போய்விடுவார். பராமரிப்பு தள்ளிப்போகும், நல்ல பிட்டர்களும் சூப்பர்வைசர்களும் அடுத்த மில்லில் சேர்ந்துவிடுவார்கள். இவை எதுவும் ‘நெருக்கடிச் செலவு’ என்ற தலைப்பில் கணக்குப் புத்தகத்தில் வராது. விற்பனை குறைந்தது, கழிவுப் பஞ்சு கூடியது, யூனிட் விலை ஏறியது என்றுதான் தெரியும்.

உரிமையாளர் மனத்திலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. ஸ்டீவர்ட் மையர்ஸ் 1977இல் இதைப் பற்றி எழுதினார். கடன் சுமை மிகுந்துவிட்ட நிறுவனத்தில், நல்ல லாபம் தரும் புதிய வேலைக்குக்கூட உரிமையாளர் சொந்தப் பணம் போடத் தயங்குவார். போட்டால் பலனின் பெரும் பகுதி கடன்காரருக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே மில்லைக் காப்பாற்றக்கூடிய ஒரு கோடி, குடும்பத்தின் வைப்புநிதியிலேயே தங்கிவிடுகிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் அந்தத் தயக்கத்தின் விலையை மில் கொடுக்கிறது.

இயந்திரத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கும் இந்தத் தொழிலில் ஏமாற்றும். ரிங் பிரேமை வாங்கக்கூடியவர் இன்னொரு நூற்பாலைக்காரர்தான். மோசமான ஆண்டு அவருக்கும் மோசமான ஆண்டு. ஷ்லைபர், விஷ்ணி இருவரும் 1992இல் சுட்டிக்காட்டியது இதைத்தான். குறிப்பிட்ட தொழிலுக்கு மட்டுமே பயன்படும் சொத்து, அந்தத் தொழில் முழுவதும் படுத்திருக்கும்போது பாதி விலைக்குக்கூடப் போகாது. நிலம் வேறு. புறவழிச்சாலை ஓரத்து நிலத்துக்கு ஜவுளிக்காரர் அல்லாத வாங்குநர்களும் இருப்பார்கள். ஒரே அளவு சொத்துள்ள இரண்டு மில்களில், நிலம் அதிகமுள்ள மில் கொஞ்சம் கூடுதல் கடனைத் தாங்கும் என்பதற்கு இது ஒரு காரணம்.

மொத்தச் செலவு எவ்வளவு இருக்கும்? அமெரிக்காவில் மிகுந்த கடனோடு கைமாறிப் பின்னர் நெருக்கடியில் விழுந்த 31 நிறுவனங்களை கிரிகோர் ஆண்ட்ரேடும் ஸ்டீவன் கேப்லனும் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். தொழில் சரிவால் வந்த இழப்பைத் தனியே பிரித்துவிட்டு, கடனால் மட்டும் வந்த இழப்பு நிறுவன மதிப்பில் 10 முதல் 20 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள். அவை தொழிலளவில் நன்றாக நடந்த நிறுவனங்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் ஜவுளித் துறையின் பெரிய எடுத்துக்காட்டு மும்பையின் அலோக் இண்டஸ்ட்ரீஸ். கடனில் விரிவடைந்த அந்த நிறுவனம், 2017இல் ரிசர்வ் வங்கி திவால் நடைமுறைக்கு அனுப்பச் சொன்ன முதல் பன்னிரண்டு கணக்குகளில் ஒன்று. கடன் தந்தவர்கள் கேட்டது ஏறத்தாழ 29,500 கோடி, ரிலையன்ஸும் ஜே.எம். பைனான்ஷியலின் சொத்து மீட்பு நிறுவனமும் சேர்ந்து எடுத்துக்கொண்ட திட்டத்தின் மதிப்பு ஏறத்தாழ 5,050 கோடி. அளவில் நம் மில்லோடு ஒப்பிட முடியாது. கடன் எவ்வளவு வேகமாக மதிப்பிழக்கும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

நம் கணக்குக்குத் திரும்புவோம். 28 கோடி வரவுள்ள மில்லை, அதுபோல் ஐந்து மடங்கு என்று 140 கோடி மதிப்பிடலாம். நெருக்கடி வந்தால் அதில் 15 சதவீதம், 21 கோடி போகும் என்று நடுவான எண்ணை எடுப்போம். மூன்றாம் ஆண்டில் வருவதாக வைத்தால் இன்றைய மதிப்பு 16 கோடிக்குச் சற்றுக் குறைவு. வரி மிச்சம் 3.35 கோடி. ஒன்றை மற்றதால் வகுத்தால் 21 சதவீதம். அதாவது புதிய கடன், மில் நெருக்கடியில் விழும் வாய்ப்பை ஐந்தில் ஒன்றுக்கு மேல் கூட்டினால், வரியில் மிச்சம் பிடித்தது முழுவதும் போய்விடும். ஐந்தில் ஒன்றைத் தாண்டுமா தாண்டாதா என்று எந்த நிபுணராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி இப்போது தெளிவான உருவம் பெற்றுவிட்டது. ஆண்டுக்குக் கட்ட வேண்டிய தொகை 18, 17, 16, 15, 14 என்று இறங்குவதால், வரவு பாதியாகும் ஆண்டு முதல் நான்கு ஆண்டுகளில் வந்தால்தான் மில் தடுமாறும். முதல் நான்கு ஆண்டுகளில் 2011 போலவோ 2022 போலவோ ஒன்று வரும் வாய்ப்பு எவ்வளவு? மில் நடத்துபவரிடம் கேட்டால் பேராசிரியரைவிடச் சரியாகச் சொல்வார்.

வங்கியும் இதைப் பார்ப்பதில்லையா என்று கேட்கலாம். பார்க்கிறது. கடன் தவணையைப் போல் எத்தனை மடங்கு வரவு இருக்கிறது என்ற டி.எஸ்.சி.ஆர். விகிதத்தைக் கணக்கிடுகிறது. முழுக் கடன் வழியில், சாதாரண ஆண்டில் வரி போக 25.5 கோடி நிற்கும்; அதை 18ஆல் வகுத்தால் 1.42. கோப்பு நகர அது போதும். ஆனால் அது சாதாரண ஆண்டின் எண். அதே விகிதம் மோசமான ஆண்டில் 0.78. மேலும் வங்கியின் பார்வை தன் பணம் திரும்புமா என்பதோடு நிற்கிறது. அதற்கு ஈடு இருக்கிறது, உரிமையாளரின் தனிப்பட்ட உத்தரவாதமும் இருக்கிறது. அந்த உத்தரவாதத்தின்மீதும் திவால் சட்டம் பாயும் என்பதை 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. வாடிக்கையாளர் போவதும் பிட்டர் போவதும் வங்கியின் நஷ்டம் அல்ல, மில்லின் நஷ்டம். ஆகவே வங்கி ‘தரலாம்’ என்று சொன்னதை ‘வாங்கலாம்’ என்று படிக்கக் கூடாது.

அப்படியென்றால் கடனே வேண்டாமா? அதுவும் தவறான முடிவு. புதிய 40 கோடியில் 20ஐ மட்டும் வங்கியில் வாங்கினால், முதல் ஆண்டில் மொத்தம் கட்ட வேண்டியது 13.5 கோடி. பாதி வரவு வந்த ஆண்டிலும் 14 கோடி கையில் இருக்கும். நூலிழையில் தப்பித்தாலும் தப்பித்துவிடும். வரி மிச்சமும் 1.7 கோடி அளவுக்குக் கிடைக்கும். முழுக் கடனின் அடுத்த பாதி தரும் மிச்சமும் அதே 1.7 கோடிதான், ஆனால் அபாயத்தின் பெரும் பகுதி அந்தப் பாதியில்தான் இருக்கிறது. எவ்வளவு கடன் என்ற கேள்விக்கு விடை இப்படி ஒரு வளைவில் கிடைக்கிறது. முதல் சில கோடிகள் கிட்டத்தட்ட இலவசம், பிறகு ஒவ்வொரு கோடியும் விலை ஏறுகிறது.

மீதி 20 கோடி எங்கிருந்து வரும் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. குடும்பத்தார் அதைப் பங்கு முதலாகப் போடாமல், கம்பெனிக்கு ஈடில்லாக் கடனாகத் தரலாம். நியாயமான அளவு வட்டிக்கு வரிக் கழிவு உண்டு. நெருக்கடி ஆண்டில் அந்த வட்டியைத் தள்ளிப்போட வீட்டுக்குள் பேசினால் போதும், தொண்ணூறு நாள் எண்ணுபவர் யாருமில்லை. பங்குதாரர் நிறுவனமாக இருந்தால், பங்காளிகளின் முதலுக்கே ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டியைச் செலவாகக் காட்டலாம், ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இரண்டிலும் வட்டி வாங்குபவர் தன் கையில் வரி கட்டுவார். அவருடைய வரி வீதம் கம்பெனியின் 25.17ஐவிட அதிகமாக இருந்தால், குடும்பம் மொத்தமாகப் பார்க்கும்போது மிச்சமே இல்லாமலும் போகலாம். மெர்ட்டன் மில்லர் 1977இல் எழுப்பிய ஆட்சேபமும் இதுவே. கம்பெனியின் வரியை மட்டும் பார்த்தால் கணக்கு பாதிதான்.

இன்னொரு வழி, இயந்திரங்களை இரண்டு தவணையாகப் போடுவது. முதல் பாதி ஓடத் தொடங்கி, பழைய கடனும் 40 கோடியிலிருந்து மூன்று ஆண்டில் 25 கோடிக்கு இறங்கிய பிறகு இரண்டாம் பாதிக்கு வங்கிக்குப் போகலாம். இடையில் நூலுக்கு நல்ல விலை கிடைத்தால் வளர்ச்சி தாமதமானது வருத்தமாகத்தான் இருக்கும். இயந்திர விலையும் ஏறியிருக்கலாம். அந்த இழப்பையும் அதே தாளில், 3.35 கோடிக்கும் 21 கோடிக்கும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, எட்டு ஆண்டுத் தவணையைப் பத்து ஆண்டாக நீட்டித் தருவார்களா, ரெப்போ ஏறினால் வட்டி எத்தனை நாளில் மாறும், தனிப்பட்ட உத்தரவாதத்துக்கு உச்சவரம்பு வைக்க முடியுமா என்று வங்கியிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.